காலை ஐந்து மணி டியூட்டிக்கு முந்தின நாளே போட வேண்டிய கணக்கு

வண்டி ஓட்டுவது, மெஷினில் நிற்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றில் எந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள். ஷிப்டுக்கு இத்தனை மணி நேரம் முன்பிருந்து மது தொடக்கூடாது, வாசலில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பார்கள். புதியவர்களில் பெரும்பாலானோர் இதை "குடித்துவிட்டு வேலைக்கு வராதே" என்று புரிந்துகொள்கிறார்கள். குடித்துவிட்டு நேராக வேலைக்கு வருகிறவர் எங்கேயும் குறைவுதான். மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் முந்தின இரவு அளவாகக் குடித்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

சேலத்தில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் காலை வண்டிகளை அனுப்புகிற பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் வண்டிகளில் பாதி ஏற்காட்டுக்குப் போகிறவை. ஊதும் கருவியை நீட்டுகிற ஆளும் நான்தான். அதனால் டிரைவர் வேலையை வைத்தே இதை விளக்குகிறேன். மற்ற இரண்டு வேலைக்காரர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதலில், உங்கள் இடத்தின் எண் என்ன என்று கேளுங்கள்

சாலைக்கான சட்டம் ஒன்று, உங்கள் நிறுவனத்தின் விதி வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் ஆட்களை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களில் பெரும்பாலும் எண் பூஜ்யம்தான். விமானிகளுக்குப் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது, ஊதும்போது பூஜ்யம் வர வேண்டும். முதல் முறை தவறினாலே மூன்று மாதம் வேலையில்லை. ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுகள் டியூட்டி ஏறும்போதும் ஊதுகிறார்கள், இறங்கும்போதும் ஊதுகிறார்கள். ஆகவே "போலீஸ் பிடித்தால்கூட விட்டுவிடுவார்கள், நீங்கள் ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்" என்று வாசலில் வாதம் செய்வதில் பயனில்லை. 30 என்பது தண்டனை தொடங்குகிற இடம். மலையில் வண்டி ஓட்ட உடம்பு தயாராக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சேருகிற அன்றே மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எண் பூஜ்யமா, வேறு அளவா? எத்தனை மணி நேர இடைவெளி? தவறினால் அன்று ஒரு நாள் வேலை மட்டும் போகுமா, விசாரணை வருமா? எழுத்தில் இருந்தால் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு எந்த வேகத்தில் கழிக்கிறது

குடித்த ஆல்கஹாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரல்தான் கழிக்கிறது. மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியாகப் போவது சொற்பம். கல்லீரல் அதை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் செய்யும். டிக்கெட் கவுண்டரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி. வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் அவர் கை அதே வேகத்தில்தான் போகும். நூறு பேர் நின்றால் நேரம்தான் கூடும்.

அந்த வேகம் சராசரியாக மணிக்கு 15. அதாவது 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் அளவு மணிக்கு 15 மில்லிகிராம் இறங்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். சிலருக்கு 10-தான் இறங்கும், சிலருக்கு 20. நாம் எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

காபி குடித்தால் கண் விழிக்கும், இந்த வேகம் கூடாது. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் அப்படித்தான். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சம் இருப்பது வெளியே வரும், ரத்தத்துக்குப் போனது போனதுதான். தூங்கினாலும் வேகம் கூடாது, தூங்கும் நேரம் கணக்கில் கழியும் என்பதோடு சரி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறுவது மெதுவாகும், உச்சம் கொஞ்சம் குறையும். அதை நம்பி மறுநாள் காலைக் கணக்கில் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு குவார்ட்டருக்கான கணக்கு

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. முப்பது வயது இருக்கும், எடை 65 கிலோ. காலை ஐந்து மணிக்கு ஏற்காடு வண்டி. ஊதினார், கருவி 40 காட்டியது.

"அண்ணா, ஒரே ஒரு குவார்ட்டர்ங்க. தூங்கி எந்திரிச்சுத்தானுங்க வந்தேன்."

"எத்தனை மணிக்குத் தம்பி ஆரம்பிச்சே?"

"பத்தரை இருக்கும்ங்கண்ணா. மச்சான் ஊர்லேர்ந்து வந்திருந்தான்."

அவர் சொன்னது உண்மை. கணக்குப் போட்டுக் காட்டினேன், அதே எண் வந்தது. நீங்களும் ஒரு முறை கூடவே போட்டுப் பாருங்கள்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது, ஒரு மில்லி 0.79 கிராம்தான் இருக்கும். ஆக 77 மில்லி என்பது சுமார் 61 கிராம்.

இந்த 61 கிராம் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும், கொழுப்பில் அவ்வளவாகப் போகாது. அதனால் மொத்த எடையை அப்படியே எடுக்காமல் ஆண்களுக்கு 0.68-ஆல் பெருக்குவார்கள், பெண்களுக்கு 0.55-ஆல். 65 கிலோ ஆணுக்கு அது 44.2. இப்போது 61-ஐ 44.2-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 138. ஒரு குவார்ட்டர் முழுக்க ரத்தத்தில் ஏறினால் இவருக்கு வரக்கூடிய எண் இதுதான்.

பத்தரைக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்கு ஊதினால் இடைவெளி ஆறரை மணி நேரம். மணிக்கு 15 வீதம் இறங்கியது 98. மிச்சம் 40. சட்டத்தின் 30-க்கும் மேலே. ஏற்காடு அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தியிருந்தால் வழக்குதான், வண்டியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள்.

சரி, இதே தம்பி ஒன்பது மணிக்கே ஆரம்பித்திருந்தால்? எட்டு மணி நேரத்தில் 120 இறங்கும், மிச்சம் 18. சாலைச் சட்டத்துக்குள் வந்துவிட்டார், எங்கள் பூஜ்யத்துக்குள் வரவில்லை. பூஜ்யம் தொட மணி ஆறே கால் ஆகும். இதுவும் சராசரி ஆளுக்குத்தான். மணிக்கு 10 இறங்குகிற உடம்பாக இருந்தால் ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவருக்கும் காலை ஐந்துக்கு 58 இருக்கும். ஒரே பாட்டில், ஒரே நேரம், இரண்டு பேர். ஒருவர் சட்டத்துக்குள், இன்னொருவர் சட்டத்துக்கு வெளியே. நண்பன் போன வாரம் தப்பித்தான் என்பதை வைத்து நாம் முடிவெடுக்க முடியாது என்பது இதனால்தான்.

எனவே புதியவர்களுக்கு நான் சொல்வது, மெதுவாக இறங்குகிற 10-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். 65 கிலோ ஆணுக்கு 90 மில்லி கட்டிங் என்றால் ஏழு மணி நேரம். 650 மில்லி ஸ்டிராங் பீர், லேபிளில் 8 சதவீதம் என்றால், ஒன்பதரை மணி நேரம். குவார்ட்டர் என்றால் பதினான்கு மணி நேரம். இரண்டு குவார்ட்டர் என்றால் இருபத்தெட்டு மணி நேரம், அதாவது அடுத்த நாள் முழுவதும் போய்விடும். சராசரி ஆளுக்கே இரண்டு குவார்ட்டர் கழிய பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்தவர் மறுநாள் பகல் மூன்று மணிக்கும் பூஜ்யம் ஆகியிருக்க மாட்டார். "காலையில்தானே வேண்டாம், மதிய ஷிப்டு எடுத்துக்கொள்கிறேன்" என்பது இவருக்குப் பொருந்தாது. எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த நேரங்கள் இன்னும் நீளும். உங்கள் எடையைப் போட்டு ஒரு தடவை கணக்கெடுத்துச் செல்போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். காலை ஐந்து மணி டியூட்டி என்றால் முந்தின நாள் மாலை குவார்ட்டருக்கு இடமே இல்லை. பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தால்தான் கணக்கு நேராகும். இரவு ஏழு மணிக்குள் குடித்தால் பரவாயில்லை, எட்டு மணிக்குள் முடித்தால் பரவாயில்லை என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்வது வெறும் பேச்சு. வாராந்திர ஓய்வுக்கு முந்தின இரவைத் தவிர வேறு இடம் இதில் கிடையாது.

30-க்குக் கீழே இருந்தாலும் ஏன் அனுப்புவதில்லை

இது எனக்கு மிக முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கியரைக் குறைக்கிறார், ஹாரன் அடிக்கிறார், தலையைச் சாய்த்து மேலே வளைவின் மறுபக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்கிறார், கண்ணாடியில் பின் சக்கரம் ஓரக்கல்லில் உரசுகிறதா என்று பார்க்கிறார், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறார். எல்லாம் சில விநாடிக்குள். ஆல்கஹால் ரத்தத்தில் 20 அளவில் இருக்கும்போதே முதலில் குறைவது இந்தத் திறமைதான். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வைப்பதும், நகர்கிற பொருளைக் கண்ணால் தொடர்வதும் மங்கும். நேர்ச் சாலையில் ஒருவர் இதை உணரவே மாட்டார். ஓமலூர் ரோட்டில் ஓட்டிக் காட்டி "பாருங்கண்ணா, நல்லாத்தானே ஓட்டுறேன்" என்பார். அவர் நல்லாத்தான் ஓட்டுவார், அங்கே அவரிடம் சாலை ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறது.

இறக்கம் இதைவிடக் கடினம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பாடம். என்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், பிரேக் அவ்வப்போது தொட்டு விடுவதற்கு மட்டும். கவனம் மங்கிய டிரைவர் கியர் குறைக்கத் தாமதித்து, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவார். டிரம் சூடேறும், லைனர் தீயும் வாடை வரும், அப்புறம் பெடல் மிதித்தாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அந்த வாடையைப் பிடித்து ஓரமாக நிறுத்துவதற்கும் ஒரு கூடுதல் கவனம் தேவை. 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகும். அரை விநாடி தாமதம் என்றால் நான்கு மீட்டர். கொண்டை ஊசியில் நான்கு மீட்டர் பெரிய தூரம்.

இன்னொரு காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் வளைந்த மூன்று குழாய்கள் உண்டு, திரவம் நிறைந்தவை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். ஒவ்வொரு குழாயிலும் திரவத்தை மறித்து ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். சாதாரணமாக சவ்வுக்கும் திரவத்துக்கும் ஒரே அடர்த்தி, அதனால் தலையைச் சாய்த்து வைத்திருந்தாலும் அந்தச் சாய்வால் சவ்வு அசையாது. குடிக்கும்போது ஆல்கஹால் முதலில் சவ்வுக்குள் போய் அதை இலேசாக்குகிறது, திரவத்துக்குள் பின்னால்தான் போகிறது. படுத்தால் கூரை சுற்றுவது இதனால்தான். சில மணி நேரத்தில் இரண்டும் சமமாகி, சுற்றல் நின்றுவிடும். ஆள் தெளிந்துவிட்டது என்று நினைப்பார்.

அப்புறம்தான் இரண்டாம் கட்டம். சவ்விலிருந்து ஆல்கஹால் முதலில் வெளியேறும், திரவத்தில் இன்னும் இருக்கும். இப்போது சவ்வு கனமாக இருக்கிறது. மறுபடியும் தலை சாய்ந்தால் மூளைக்குப் பொய்த் தகவல் போகும், கண் தானாக இலேசாக இழுபடும். இது குடித்து ஐந்திலிருந்து பத்து மணி நேரத்தில் தொடங்கி, ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யம் ஆன பிறகும் சில மணி நேரம் நீடிக்கக் கூடியது. இரவு ஒன்பதரைக்குக் குடித்தவருக்கு இந்தக் கட்டம் விடிகாலையில் வரும், சரியாக வளைவுகளில் இருக்கும் நேரத்தில். கருவி இதைக் காட்டாது. விமானிகளுக்குப் பூஜ்யம் மட்டும் போதாது, மணி நேர இடைவெளியும் வேண்டும் என்று வைத்திருப்பதன் பொருள், கருவி காட்டாத மிச்சத்துக்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்பதுதான். தூக்கக் குறைவும் சேரும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். ஏழு மணி நேரம் படுத்திருந்தவர் நான்கு மணி நேரம் தூங்கியவர் மாதிரி வருவார்.

மெஷினும் மருத்துவமனையும்

பவர் பிரஸ்ஸில் நிற்கிறவருக்கு வளைவு கிடையாது. ஒரே வேலை, ஆயிரம் தடவை. தகட்டை வை, கையை எடு, பெடலை மிதி. ஆபத்தே அந்த ஒரே மாதிரித்தனத்தில் இருக்கிறது. கவனம் ஒரு கணம் நழுவி கையும் காலும் வரிசை மாறினால் விரல் போய்விடும். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்குகிற பிரஸ் என்றால் கொஞ்சம் பாதுகாப்பு. வேகத்துக்காக அந்தப் பட்டனில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் பட்டறை என்றால் அங்கே முந்தின இரவுக் குடி இன்னும் மோசம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வரும் விதி இது: காயத்துக்கு நேரடிக் காரணம் மதுவின் மயக்கம் என்று நிரூபணமானால், மரணமோ முழு நிரந்தர ஊனமோ அல்லாத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஒரு விரல் போனால் இந்த வரம்புக்குள்தான் வரும்.

நர்ஸ், வார்டு உதவியாளர், வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேலையில் தவறு சத்தமே போடாது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு ரகம், 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பி மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10-வது கோடு வரை எடுத்தால், போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். தூங்கும் நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவது வெளியே தெரியாது. குப்பியைப் படித்து, மூடியின் நிறத்தைப் பார்த்து, சீட்டோடு ஒப்பிடுவது என்ற மூன்று பார்வையில் ஒன்று தவறினாலே போதும். இரவு எட்டு மணி டியூட்டிக்கு வருகிறவர் பகல் கல்யாண விருந்தில் ஒரு மணிக்கு ஒரு கட்டிங் போட்டிருந்தால், மேலே சொன்ன கணக்கில் ஏழு மணி நேரம், அதாவது சரியாக எட்டு மணிக்குத்தான் பூஜ்யம் ஆவார். அதுவும் 65 கிலோ ஆண் என்றால்.

வாசலில் ஊதும்போது

கருவி ரத்தத்தைப் பார்ப்பதில்லை, நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சைப் பார்க்கிறது. அதனால் ஒரே சீராகச் சில விநாடி ஊத வேண்டும், விட்டு விட்டு ஊதினால் மறுபடி கேட்கும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல் போடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. திரையில் எந்த அலகு என்று பாருங்கள். சில கருவிகள் mg/100ml என்று ரத்த அளவாகக் காட்டும், சில mg/L என்று மூச்சின் அளவாகவே காட்டும். ரத்தத்தின் 30-உம் மூச்சின் 0.14-உம் ஒன்றுதான். 0.14 என்று பார்த்துவிட்டு "ஒன்றுகூட இல்லையே" என்று ஒருவர் சந்தோஷப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

குடிக்காமலேயே எண் வரக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. சில மவுத்வாஷ், சில இருமல் மருந்து, தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்ட வகைகள், சில ஹோமியோபதி சொட்டு மருந்துகளில் ஆல்கஹால் இருக்கும். கையில் சானிடைசர் தேய்த்து உடனே கருவியைப் பிடித்தாலும் ஆவி போய்விடும். இதெல்லாம் பெரும்பாலும் வாயிலோ காற்றிலோ இருக்கும் ஆல்கஹால், ரத்தத்தில் இருப்பது அல்ல.

அப்போது செய்ய வேண்டியது இது. என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள், தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள், பதினைந்து இருபது நிமிடம் எதுவும் வாயில் போடாமல் உட்காருங்கள், மறுபடி ஊதுங்கள். வாயில் இருந்தது மட்டும் என்றால் எண் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். ரத்தத்தில் இருந்தால் கால் மணி நேரத்தில் ஐந்துக்கு மேல் இறங்காது. முதலில் 40, பிறகு 0 என்றால் மவுத்வாஷ். முதலில் 40, பிறகு 37 என்றால் ராத்திரிக் குடி. இரண்டாவது வாய்ப்பு தராத இடமாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். கருவியில் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற ஸ்டிக்கரையும் பார்க்கலாம். அரிஷ்டம் வைத்தியர் கொடுத்ததாக இருந்தால் டியூட்டி முடிந்த பிறகு சாப்பிடும்படி நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள், மேற்பார்வையாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தினமும் குடிக்கிறவர்களுக்கு மட்டும்

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, தினமும் குடிக்கும் ஒருவர் வேலைக்காகத் திடீரென ஒரே நாளில் நிறுத்தினால் அதிலும் ஆபத்து உண்டு. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பே வரும். அவர் ஊதினால் பூஜ்யம்தான் வரும், ஆனால் ஸ்டியரிங்கில் உட்காரும் நிலையில் இல்லை. வாசலில் நிற்கும்போது கையை நீட்டச் சொல்லி நான் பார்ப்பது இதற்காகத்தான். நடுக்கம் தெரிந்தால் அன்று வண்டி கிடையாது. மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரையோடு படிப்படியாக நிறுத்த வேண்டிய விஷயம் இது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போனில் முதலில் பேச விரும்பினால் 14446, மது மற்றும் போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண்.

கணக்கு இடித்தால் என்ன செய்வது

இரவு பதினொன்றுக்கு மச்சான் வந்துவிட்டான், குடித்தும் விட்டீர்கள். காலை ஐந்துக்கு டியூட்டி. விடிகாலை நாலே முக்காலுக்கு வாசலில் வந்து ஊதிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்தில் மாற்று ஆள் கிடைக்க மாட்டார், வண்டி தாமதமாகும், உங்கள் பெயரும் பதிவேட்டில் ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்ததும், தூங்குவதற்கு முன்பே ஷிப்டு பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். "அண்ணா, நாளைக்கு ஐந்து மணி வண்டிக்கு என்னால முடியாதுங்க, மதியத்துக்கு அப்புறம் வர்றேன்" என்றால் போதும். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போகலாம், சில இடங்களில் திட்டு விழும். முன்கூட்டியே சொல்கிறவரை நாங்கள் ஒதுக்குவதில்லை. இரவு பதினொன்றரைக்கு போன் வந்தால், ஆறு மணி வண்டிக்காரரை ஐந்துக்கு இழுத்து, ஏழு மணிக்காரரை ஆறுக்கு நகர்த்தி எனக்கு வேலை முடிந்துவிடும். நாலே முக்காலுக்கு அது முடியாது.